காயத்ரி லைசென்ஸ் டெஸ்ட்: எங்க வீட்டு குரூப்பில் ரெண்டரை வாரம்

15 ஜூன் 2025, ஞாயிறு

காலை 8:12 – காயத்ரி: ஒரு நல்ல சேதி. கார், பைக் ரெண்டுக்கும் டெஸ்ட் தேதி போட்டாச்சு. ஜூலை 11, வெள்ளிக்கிழமை. டிரைவிங் ஸ்கூல்ல இப்பத்தான் மெசேஜ் வந்துச்சு 🙏

காலை 8:15 – தீபா அக்கா: சூப்பர்டி! வெள்ளிக்கிழமை வேற, நல்ல நாள்.

காலை 8:31 – செல்வம் மாமா: எல்எல்ஆர் என்னைக்குப் போட்டது தாயி?

காலை 8:40 – காயத்ரி: ஜனவரி 20 மாமா. பீரோவுல இருந்து எடுத்துப் பாத்துட்டேன். ஜூலை 19 வரைக்கும்னு போட்டிருக்கு. அதுக்கு முன்னாடிதானே டெஸ்ட், பிரச்சினை இல்லையே?

காலை 8:52 – செல்வம் மாமா: பாஸ் ஆயிட்டா பிரச்சினை இல்ல. ஃபெயில் ஆனா? திரும்ப டெஸ்டுக்கு நிக்க 7 நாள் போகணும். 11 கூட 7, 18. அது வெள்ளி. மறுநாள் சனிக்கிழமை உன் எல்எல்ஆர் முடியுது. அந்த ஒரே நாள்ல ஸ்லாட் கிடைக்குமா? அவங்க உனக்குத் தேதி போடல, ஒரே ஒரு சான்ஸ் போட்டிருக்காங்க.

காலை 8:55 – தீபா அக்கா: மாமா, எல்எல்ஆர் முடிஞ்சா ரினியூ பண்ணிக்கலாமே. நானே அப்படித்தான் பண்ணேன்.

காலை 9:03 – செல்வம் மாமா: நீ பண்ணது ரினியூ இல்ல தீபா, புதுசா இன்னொண்ணு எடுத்த. புதுசு எடுத்தா அன்னையில இருந்து 30 நாள் காத்திருந்துதான் டெஸ்டுக்கே போக முடியும். நீ அன்னைக்கு ஒரு மாசம் சும்மா உக்காந்திருந்தது ஞாபகம் இல்லையா?

காலை 9:04 – தீபா அக்கா: ஆமா 😬 ஸ்கூல்காரங்க ரினியூவல்னுதான் சொன்னாங்க.

காலை 9:20 – சுந்தரி பெரியம்மா: ரினியூவல்னா எனக்கும் இருக்கே. ஸ்கூட்டி லைசென்ஸ். எங்க போய்ப் பண்ணணும்?

காலை 9:26 – கார்த்தி: பெரியம்மா இருங்க, முதல்ல அக்கா கதை முடியட்டும். அக்கா, `sarathi.parivahan.gov.in`ல நீயே உள்ள போய்ப் பழைய ஸ்லாட்டைக் கேன்சல் பண்ணிட்டு வேற தேதி பாரு. அப்ளிகேஷன் நம்பரும் பிறந்த தேதியும் போதும். ஸ்கூல்காரங்க கிட்ட கெஞ்ச வேண்டியதில்ல.

பகல் 12:48 – காயத்ரி: ஜூலை 2 புதன் காலியா இருந்துச்சு, போட்டுட்டேன்.

பகல் 12:55 – செல்வம் மாமா: இப்ப சரி. 2ல விட்டா 9, அதுலயும் விட்டா 16. மூணு தடவை நிக்க இடம் இருக்கு. மூணாவதும் போச்சுன்னா 60 நாள் உக்கார வெச்சுருவாங்க, அதை அப்புறம் பாத்துக்கலாம்.

பகல் 1:02 – கார்த்தி: மூணு தேதியையும் என் போன்ல ரிமைண்டர் போட்டுட்டேன். 9க்கும் 16க்கும் வேலை வராதுன்னு நம்புறேன்.

16 ஜூன், திங்கள்

இரவு 7:40 – செல்வம் மாமா: எத்தனை மணி நேரம் ஓட்டியிருக்க?

இரவு 7:44 – காயத்ரி: 10 கிளாஸ் மாமா, ஒவ்வொண்ணும் அரை மணி.

இரவு 7:47 – செல்வம் மாமா: 5 மணி நேரம். அதுல பாதி சொல்லிக் குடுக்கிறவர் கால் ஓட்டியிருக்கும்.

இரவு 7:49 – காயத்ரி: அய்யோ நிஜம்தான். அந்தக் கார்ல அவர் பக்கமும் பிரேக், கிளட்ச் இருக்கு. ஒரு திருப்பத்துல வண்டி அழகா நின்னுச்சு, நான்தான் நிறுத்தினேன்னு சந்தோஷப்பட்டேன். குனிஞ்சு பாத்தா என் கால் பிரேக்லயே இல்ல.

இரவு 7:58 – செல்வம் மாமா: நம்ம வீட்டுக் கார்ல ஓட்டு. முன்னாடியும் பின்னாடியும் எல் போர்டு, வெள்ளையில சிவப்பு எழுத்து. பக்கத்துல மாப்பிள்ளை உக்காரணும், லைசென்ஸ் வெச்சிருக்கிற ஆள் இல்லாம வண்டிய எடுக்கக் கூடாது. காலையில 6ல இருந்து 7 வரைக்கும், இன்னையில இருந்து டெஸ்டுக்கு இன்னும் 16 நாள் இருக்கு. வாரத்துக்கு 5 நாள் ஓட்டினாலே பத்துப் பன்னெண்டு மணி நேரம் வரும்.

இரவு 8:05 – ரமேஷ்: மாமா, 6 மணிக்கு நான் எந்திரிக்கிறதா?

இரவு 8:06 – கார்த்தி: மச்சான், உங்க போன்லயும் ரிமைண்டர் போட்டு விடுறேன் 😂

இரவு 8:30 – செல்வம் மாமா: இன்னொண்ணு. எல்எல்ஆர்ல வண்டி வகைன்னு ஒரு இடம் இருக்கும், போட்டோ எடுத்து அனுப்பு. நம்பரை மறைச்சுட்டு அனுப்பு.

இரவு 8:41 – காயத்ரி: `LMV`, `MCWG`ன்னு போட்டிருக்கு.

இரவு 8:43 – செல்வம் மாமா: நீ பழகுறது எதுல?

இரவு 8:44 – காயத்ரி: என் ஸ்கூட்டர்ல மாமா. 8 சுத்தமா போடுவேன்.

இரவு 8:50 – செல்வம் மாமா: `LMV`ன்னா கார், `MCWG`ன்னா கியர் பைக். கியர் இல்லாததுக்கு `MCWOG`. எதுக்கு விண்ணப்பம் போட்டிருக்கோமோ அந்த வகை வண்டியிலதான் டெஸ்ட். ஸ்கூட்டரை ஓட்டிட்டுப் போனா திருப்பி அனுப்பிருவாங்க.

இரவு 8:52 – தீபா அக்கா: கியர் இருந்தா ஸ்கூட்டரும் சேர்த்திதானே மாமா?

இரவு 8:55 – செல்வம் மாமா: லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு சேர்த்தி. டெஸ்டுக்குச் சேர்த்தி இல்ல.

இரவு 8:57 – காயத்ரி: இதையும் அவங்களே போட்டிருக்காங்க. என்கிட்ட கேக்கவே இல்ல. கியர் வண்டியை நான் தொட்டதே இல்ல 😭

இரவு 9:01 – ரமேஷ்: என் பைக்ல கத்துக்க. 6 மணிக்குக் கார், 7 மணிக்குப் பைக். நான் எப்படியும் முழிச்சுத்தானே இருக்கணும்.

21 ஜூன், சனி

காலை 7:35 – காயத்ரி: கார் பரவாயில்ல. அப்பார்ட்மெண்ட் பேஸ்மெண்ட் ஏத்தத்துல மட்டும் நிறுத்தி எடுத்தா பின்னாடி போகுது. இன்னைக்கு வாட்ச்மேன் அண்ணன் கையில இருந்த வாளியைப் போட்டுட்டு ஓடிட்டார்.

காலை 7:50 – செல்வம் மாமா: பிரேக்ல இருந்து ஆக்சிலேட்டருக்குக் கால் மாத்துற நேரத்துலதான் பின்னாடி போகுது. ஹேண்ட்பிரேக்கை மேல இழுத்துட்டு, முதல் கியர் போட்டுட்டு, பிரேக்ல இருந்து காலை எடுத்துரு. இப்ப கிளட்சை மெதுவா விடு. ஒரு இடத்துல இன்ஜின் சத்தம் கனமாகும், பானெட் லேசா தூக்கும். அங்கேயே காலைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு, துளி ஆக்சிலேட்டர் குடுத்து ஹேண்ட்பிரேக்கை இறக்கு. அந்தச் சத்தம் வராம இறக்கினா பின்னாடி போகும். சத்தம் வந்தும் கிளட்சை இன்னும் விட்டா ஆஃப் ஆகும்.

காலை 7:53 – செல்வம் மாமா: 31 வருஷம் பஸ்ஸு ஓட்டுனேன், மலை ரூட்டு உட்பட. காதுலதான் ஓட்டுனேன்.

காலை 9:10 – காயத்ரி: 6 தடவை பண்ணேன், 4 தடவை அசையாம நின்னு கிளம்புச்சு!! சத்தம் மாறுறது இப்பத்தான் காதுல விழுது.

காலை 9:15 – செல்வம் மாமா: ஏறி உக்காந்ததும் கண்ணாடியைச் சரி பண்ண மறக்காத. அதுவும் டெஸ்ட்ல சேர்த்திதான். நல்லா ஓட்டுறவங்கதான் அதை மறப்பாங்க.

24 ஜூன், செவ்வாய்

இரவு 9:00 – கார்த்தி: இன்னைக்கு ரூல்ஸ் கேள்வி. நீல வட்டம், சிவப்பு விளிம்பு. ஒண்ணுல குறுக்க ஒரு கோடு, இன்னொண்ணுல பெருக்கல் குறி. என்ன வித்தியாசம்?

இரவு 9:02 – தீபா அக்கா: ரெண்டும் நோ பார்க்கிங்தான். பெருக்கல் போட்டது ஃபைன் அதிகம்.

இரவு 9:06 – காயத்ரி: ஒரு கோடு நோ பார்க்கிங். பெருக்கல் போட்டிருந்தா நிக்கவே கூடாது, ஆளை இறக்கி விடக்கூட நிறுத்தக் கூடாது.

இரவு 9:07 – கார்த்தி: அக்கா 1, தீபா அக்கா 0.

இரவு 9:11 – செல்வம் மாமா: கை சிக்னலும் பாத்துக்க, கேட்டாலும் கேப்பாங்க. இடது பக்கம் திரும்ப எந்தக் கை?

இரவு 9:12 – காயத்ரி: இடது கை?

இரவு 9:15 – செல்வம் மாமா: கார்ல இடது கையை நீட்டினா மாப்பிள்ளை மூஞ்சிலதான் இடிக்கும். எல்லா சிக்னலும் வலது கைதான். இடது திரும்ப, கையை வெளிய நீட்டிக் கடிகாரம் ஓடுறதுக்கு எதிர்ப்பக்கமா சுத்தணும். வேகத்தைக் குறைக்க, உள்ளங்கை கீழ பாக்க மேலயும் கீழயும் ஆட்டணும்.

இரவு 9:30 – சுந்தரி பெரியம்மா: என் லைசென்ஸை யாரும் கண்டுக்க மாட்டேங்கிறீங்க. 12 ஏப்ரல் 2024 வரைக்கும்னு போட்டிருக்கு. 40 வயசுக்கு மேல டாக்டர் சர்டிபிகேட் வேணும்னாங்க, அதெல்லாம் வாங்கித் தந்துருவேன்.

இரவு 9:38 – செல்வம் மாமா: அக்கா, முடிஞ்சு ஒரு வருஷத்துக்குள்ள குடுத்திருந்தா டெஸ்ட் இல்லாம ஆயிருக்கும். அந்த ஒரு வருஷமும் போன ஏப்ரலோட முடிஞ்சு போச்சு. இனி நீங்களும் டெஸ்டுக்கு நிக்கணும். ரெண்டு மாசத்துல விட்டுட்டீங்களே.

இரவு 9:40 – சுந்தரி பெரியம்மா: 20 வருஷமா ஓட்டுறேன் நானு!

இரவு 9:42 – செல்வம் மாமா: அதை போலீஸ்கிட்ட சொல்லாதீங்க. லைசென்ஸ் இல்லாம ஓட்டினா 5000 ரூபாய். அதுவரைக்கும் கோயிலுக்கு ஆட்டோல போங்க.

28 ஜூன், சனி

காலை 8:20 – காயத்ரி: பைக்ல 8 வரவே இல்ல மாமா. சுண்ணாம்புல ரெண்டு வட்டம் போட்டு சுத்துறேன். ரெண்டாவது வட்டத்துல திரும்பும்போது கால் தானா கீழ போகுது.

காலை 8:34 – செல்வம் மாமா: எங்க பாக்குற?

காலை 8:35 – காயத்ரி: முன் சக்கரத்தை. கோட்டை விட்டு வெளிய போகுதான்னு.

காலை 8:44 – செல்வம் மாமா: அதான். சக்கரத்தைப் பாத்தா வண்டி சாயும். வட்டத்தோட எதிர்ப்பக்கம், நீ போய்ச் சேர வேண்டிய இடத்தைப் பாரு, கழுத்து திரும்பணும். முதல் கியர், பாதி கிளட்ச், ஆக்சிலேட்டர் ஒரே அளவு. வேகம் ஜாஸ்தியானா கால் பிரேக்கை லேசா அழுத்து. ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைத் தொடாத, அப்படியே சரிச்சு விட்ரும்.

காலை 8:47 – காயத்ரி: ஸ்கூட்டர் பழக்கத்துல வேகத்தைக் குறைக்கணும்னா கை தானா லீவரைப் பிடிக்குது. அங்க இடது கை பின் பிரேக், இங்க கிளட்ச். பிடிச்சதும் இழுவை இல்லாம போகுது, உடனே கால் கீழ.

காலை 8:50 – செல்வம் மாமா: சரியா கண்டுபிடிச்ச. இந்த 4 நாளைக்கு ஸ்கூட்டரைத் தொடாத. கடைக்கு நடந்து போ.

30 ஜூன், திங்கள்

இரவு 8:00 – கார்த்தி: ரிமைண்டர்! நாளை மறுநாள் டெஸ்ட். எல்எல்ஆர் ஒரிஜினல், ஸ்லாட் பிரிண்ட், பைக்கோட ஆர்சி, இன்சூரன்ஸ், புகை சர்டிபிகேட். கார் ஸ்கூல் கார், அது அவங்க பாடு.

இரவு 8:22 – ரமேஷ்: பைக் புகை சர்டிபிகேட் 28ம் தேதியோட முடிஞ்சிருச்சு. நல்லவேளை, நாளைக்குக் காலையில எடுத்துர்றேன்.

இரவு 8:25 – காயத்ரி: 6 மணிக்கு எந்திரிச்ச பலன் 😌

2 ஜூலை, புதன்

பகல் 12:10 – காயத்ரி: கார் ஓகே! ஏத்தத்துல நிறுத்தி எடுக்கச் சொன்னார், ஒரு அங்குலம்கூடப் பின்னாடி போகல. பைக்ல ரெண்டாவது வட்டத்துல கால் ஊனிட்டேன். திரும்ப வரச் சொல்லிட்டாங்க.

பகல் 12:14 – தீபா அக்கா: அடப்பாவமே. கார் லைசென்ஸை மட்டும் இப்ப குடுப்பாங்களா?

பகல் 12:15 – காயத்ரி: கேட்டேன்கா. கவுண்டர்ல ஒருத்தர் ஆமாங்கிறார், ஒருத்தர் சேர்த்துத்தான்கிறார். நாளைக்குப் போய்க் கேக்கணும்.

பகல் 12:20 – செல்வம் மாமா: எங்க பாத்த?

பகல் 12:21 – காயத்ரி: இன்ஸ்பெக்டரை 🙈

பகல் 12:40 – கார்த்தி: 10 வியாழன் ஸ்லாட் இருக்கு அக்கா, போட்டுரு. பழைய தேதியிலேயே இருந்திருந்தா இந்நேரம் என்ன ஆயிருக்கும்!

பகல் 1:05 – சுந்தரி பெரியம்மா: காயத்ரி, அந்தச் சுண்ணாம்பு வட்டத்தை அழிச்சுராத. நாளைக்கு 7 மணிக்கு நானும் வர்றேன். ஸ்கூட்டியை தீபா ஓட்டிட்டு வருவா.