ஹாபர்மாஸ் கட்டுரையில் ஒரு சிக்கல்

வணக்கம். நாகர்கோவிலில் முதுகலை சமூகவியல் படிக்கிறேன். இணையப் பேச்சு மக்களாட்சி விவாதத்தை வளர்க்கிறதா என்ற கட்டுரைக்கு ஜெர்மன் சிந்தனையாளர் ஹாபர்மாஸின் பொதுவெளியை, அதாவது மக்கள் கூடிப் பொது விஷயங்களை விவாதிக்கும் வெளி என்ற கருத்தை, அளவுகோலாக எடுத்திருக்கிறேன். அந்தஸ்தை ஒதுக்கிவைத்து, காரணம் சொல்லிப் பேசினார்களா என்று பார்க்க வேண்டும்.

ஊர்க் குளம் தூர்ந்தது பற்றி எங்கள் வாட்ஸ்அப் குழுவில் நல்ல காரணங்களோடுதான் பேச்சு தொடங்கியது. ஊர்ப் பெரியவர் ஒருவர் "சும்மா இருங்கடே" என்று எழுதியதும் எல்லோரும் அடங்கிவிட்டார்கள். சரி, தோல்வி என்று எழுதப் போனேன். ஆனால் அம்மா இருக்கும் பெண்கள் குழுவில் அதே விஷயம் நன்றாக அலசப்பட்டு, அப்புறம் கிராமசபையில் கேள்வியாகவே வந்தது! 1990இல் பெண்ணியச் சிந்தனையாளர் நான்சி ஃப்ரேசர் சொன்ன, ஒதுக்கப்பட்டவர்கள் தங்களுக்குள் கூடிப் பேசும் மாற்றுப் பொதுவெளி இதுதானே?

அப்படியென்றால் ஒவ்வொரு குழுவையும் தனியாக மதிப்பிடுவதா, முடிவெடுக்கும் இடம்வரை பேச்சு போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதா? தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.