லீட் பதவிக்கு விண்ணப்பித்தேன், சீனியர் பதவி தருகிறார்கள்

சென்னையில் 8 வருடமாக சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. ஒரு நிறுவனத்தில் டெஸ்ட் லீட் பதவிக்கு மூன்று சுற்று நேர்காணல் முடித்தேன். திங்கட்கிழமை எச்ஆர் போன் செய்து, "லீட் இடம் நிரம்பிவிட்டது. சீனியர் டெஸ்டராகச் சேருங்கள், ஆறு மாதத்தில் பதவி உயர்வு பார்க்கலாம்" என்றார். நான் இப்போதே நாலு பேர் குழுவை நடத்துகிறேன். சீனியர் 3 வருடத்துக்கு முன்பே தாண்டி வந்த பதவி. சம்பளம் 10 சதவீதம் கூடுதல், அவ்வளவுதான்.

அந்த ஆறு மாத வாக்கை ஆஃபர் லெட்டரில் எழுதித் தரும்படி மின்னஞ்சல் அனுப்பினேன். "அப்படி எழுதும் வழக்கமில்லை" என்று போனிலேயே சொல்லிவிட்டார். எந்தச் சுற்றில் குறைந்தேன் என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. இன்னும் ராஜினாமா கொடுக்கவில்லை. நோட்டீஸ் 60 நாள். வெள்ளிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

சீனியர் பதவியை மறுத்து, அடுத்த லீட் இடத்துக்கு என்னை அழைக்கும்படி, உறவு கெடாமல் எப்படி எழுதுவது?