டெர்மினல் வேல்யூ: "இறுதி மதிப்பு" சரிவருமா?

தமிழ்ச்செல்வி, லாஸ்பேட்டை

அனைவருக்கும் வணக்கம். தமிழ்வழி பி.காம். பிள்ளைகளுக்காகப் பங்கு மதிப்பீடு பற்றிக் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். டிவிடெண்டுக்குப் பங்காதாயம் என்றே வைத்துக்கொண்டேன். நிறுவனம் வேகமாக வளரும் முதல் சில ஆண்டுகள் வேகக்கட்டம், அதற்குப் பிறகு சீராகப் போகும் காலம் நிலைக்கட்டம். இவற்றில் யாருக்கும் மறுப்பு இருக்காது. மாட்டிக்கொண்டு நிற்பது டெர்மினல் வேல்யூவில்தான். பழைய குறிப்புகளில் "இறுதி மதிப்பு" என்று இருக்கிறது. அந்தச் சொல்லோடு படிக்கும் பிள்ளைகள் ஒரே இடத்தில் இடறுகிறார்கள்.

கணக்கு இதுதான். ஒரு நிறுவனம் பங்குக்கு ₹2 பங்காதாயம் இப்போதுதான் கொடுத்து முடித்திருக்கிறது. அடுத்த 3 ஆண்டுகளுக்குப் பங்காதாயம் ஆண்டுக்கு 20% கூடும். பிறகு என்றைக்கும் 6%. முதலீட்டாளர் எதிர்பார்ப்பது 12%. இன்று அந்தப் பங்குக்கு என்ன விலை கொடுக்கலாம்?

முதல் மூன்று பங்காதாயங்கள் ₹2.40, ₹2.88, ₹3.456. இதுவரை எல்லாரும் சரியாகப் போடுகிறார்கள். நான்காம் ஆண்டுக்கு 3.456-ஐ 1.06-ஆல் பெருக்கினால் ₹3.663. அதை 12-க்கும் 6-க்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்தால்:

```
V3 = D4 / (r - g) = 3.66336 / (0.12 - 0.06) = 61.056
```

இந்த ₹61.06-தான் டெர்மினல் வேல்யூ, அதாவது நிலைக்கட்டத்தில் வரப்போகும் பங்காதாயங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்த மதிப்பு. இது எந்தத் தேதிக்கு உரிய பணம்? "இறுதி" என்றால் எதன் இறுதி? சொல்லைப் பார்த்தாலே அது எங்கே நிற்கிறது என்று தெரிய வேண்டும். உங்கள் யோசனைகளைச் சொல்லுங்கள்.

அருள், நெல்லிக்குப்பம்

அம்மா, "இறுதி மதிப்பு" ஊறிப்போன சொல். அதை மாற்றினால் பழைய வினாத்தாளைப் பார்த்துப் படிப்பவர்கள் குழம்புவார்கள். பிரச்சினை சொல்லில் இல்லை, கணக்குப் போடும் முறையில்தான். மேலே போட்டிருப்பது நான்காம் ஆண்டுப் பங்காதாயம். 20%-ஐ விட்டுவிட்டு 6%-ஆல் பெருக்கியதும் சரி. நான்காம் ஆண்டுப் பணம் என்பதால் நான்கு ஆண்டு பின்னோக்கிக் கொண்டுவர வேண்டும். 61.06-ஐ 1.12-ஆல் நான்கு முறை வகுத்தால் ₹38.80. முதல் மூன்றின் இன்றைய மதிப்பு ₹6.90. ஆக ₹45.70.

விக்னேஷ், பண்ருட்டி

வணக்கம் மேடம். எனக்கு வேறொரு சந்தேகம். 20% என்பது 12%-ஐ விடப் பெரிது. வாய்பாட்டில் போட்டால் 2.40-ஐ மைனஸ் 8%-ஆல் வகுக்கணும், விடை மைனஸ் 30 வருது. பங்கு விலை எப்படி மைனஸில் வரும்? இந்தக் கணக்கே தப்பா?

ஞானசேகரன், கடலூர் ஓ.டி.

வணக்கம். நான் ரிட்டயர்டு ஆள். ஒரு கம்பெனியின் பங்கு கொஞ்சம் வைத்திருக்கிறேன். அவர்களும் இரண்டு கட்டமாகத்தான் தருகிறார்கள்: தை மாச வாக்கில் இடைக்கால டிவிடெண்ட், பொதுக்குழு முடிந்த பிறகு இறுதி டிவிடெண்ட். நீங்கள் சொல்லும் இறுதி மதிப்பு அந்த இறுதி டிவிடெண்டை வைத்துப் போடுவதா? அப்படியானால் என் பங்குக்கு எவ்வளவு வரும் என்று யாராவது போட்டுக்கொடுத்தால் உதவியாக இருக்கும். தாள்களை ஸ்கேன் செய்து அனுப்புகிறேன்.

நிர்மலா, புதுச்சேரி

ஞானசேகரன் ஐயா, தாள்களை இங்கே அனுப்ப வேண்டாம், அதில் உங்கள் டீமேட் எண் இருக்கும். இடைக்காலம், இறுதி இரண்டும் ஒரே ஆண்டின் பங்காதாயத்தை இரண்டு தவணையாகத் தருவது. இங்கே பேசும் கட்டங்கள் வேறு, அவை வளர்ச்சி வேகம் மாறுவதைப் பற்றியவை. ஆனாலும் நல்ல வேளையாகக் கேட்டீர்கள். பங்கு வைத்திருக்கும் ஒருவருக்கு "இறுதி" என்றதும் இறுதி டிவிடெண்டுதான் நினைவுக்கு வருகிறது. அந்தச் சொல்லை விடுவதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

விக்னேஷ் தம்பி, அந்த வாய்பாடு ஒரே வேகத்தில் முடிவில்லாமல் வளர்வதற்கு மட்டும். 20% வளர்ச்சி மூன்றே ஆண்டு. அந்த மூன்று தொகையையும் தனித்தனியாக எழுதி, தனித்தனியாக இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் போதும். அங்கே வளர்ச்சி 12%-ஐத் தாண்டலாம், 50% கூட இருக்கலாம். நிலைக்கட்டத்தில் மட்டும்தான் வளர்ச்சி எதிர்பார்ப்புக்குக் கீழே இருந்தாக வேண்டும். மைனஸ் விடை வந்தால் வாய்பாட்டைத் தவறான கட்டத்தில் போட்டுவிட்டோம் என்று அர்த்தம்.

அருள், மேலே நான்காம் ஆண்டுப் பங்காதாயம் வர வேண்டும் என்பது சரி. நான்கு ஆண்டு இழுப்பதுதான் இடிக்கிறது. மூன்றாம் ஆண்டுப் பங்காதாயம் வங்கிக் கணக்கில் ஏறிய மறுநாள் பங்கை விற்கிறீர்கள் என்று வையுங்கள். வாங்குபவருக்கு முதல் பணம் சரியாக ஓராண்டு கழித்து, ₹3.663. அவர் அன்றைக்குத் தரக்கூடிய விலைதான் ₹61.06. அந்த வகுத்தலே ஓராண்டைப் பின்னுக்குக் கொண்டுவந்துவிடுகிறது. மிச்சம் மூன்று ஆண்டுதான். மூன்று முறை வகுத்தால் ₹43.46, அதோடு ₹6.90 சேர்த்தால் ₹50.36.

சந்தேகம் இருந்தால் இப்படிச் சரிபாருங்கள். நான்காம் ஆண்டுப் பங்காதாயத்தையும் தனியாக எழுதிவிட்டு, விற்பதை ஓராண்டு தள்ளிப்போடுங்கள். அப்போது நான்காம் ஆண்டு முடிவில் விலை ₹64.72. அதை நான்கு ஆண்டு இழுத்தால் ₹41.13. நான்காம் ஆண்டுப் பங்காதாயத்தின் இன்றைய மதிப்பு ₹2.33. இரண்டும் சேர்ந்து அதே ₹43.46. விற்கும் ஆண்டை எங்கே வைத்தாலும் மொத்தம் மாறக்கூடாது. மாறினால் எங்கேயோ ஓராண்டு தவறிவிட்டது.

சொல்லுக்கு வருகிறேன். புதுச்சேரியிலிருந்து விருத்தாசலம் போகிறவர் கடலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி வேறு பஸ் ஏறுவார். அது அவர் பயணத்துக்கு இறுதி இல்லை, வண்டி மாறும் இடம். "மாறுமுனை மதிப்பு" என்று வைத்தால் என்ன?

அருள், நெல்லிக்குப்பம்

இரண்டு வழியிலும் போட்டுப் பார்த்தேன், ஒரே தொகைதான் வருகிறது. ஆனால் மாறுமுனையை நான் ஏற்க மாட்டேன். மூன்று கட்டக் கணக்கும் இருக்கிறதே. முதலில் 20%, பிறகு 12%, அப்புறம் 6% என்று இறங்கும். அங்கே மாறும் முனை இரண்டு. எதன் மதிப்பு என்று திரும்பவும் கேள்வி வரும். வேகம் ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும் என்று வைத்தால் முனை என்ற ஒன்றே கண்ணுக்குத் தெரியாது.

தமிழ்ச்செல்வி, லாஸ்பேட்டை

அருள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. "நிலைக்கட்ட மதிப்பு" என்று யோசித்தேன். எத்தனை கட்டம் இருந்தாலும் நிலைக்கட்டம் ஒன்றுதான். ஆனால் அது நிலைக்கட்டத்துக்குள், அதாவது நான்காம் ஆண்டில், இருக்கிறது என்று பிள்ளைகள் எடுத்துக்கொண்டால் பழைய குழப்பமே திரும்பும். "தொடர்மதிப்பு" எப்படி? அதற்கு மேல் தொடரும் எல்லாப் பங்காதாயங்களின் மதிப்பு என்று பொருள் வரும். கணிதத் தொடரையும் நினைவூட்டுகிறது. முடிவில்லாத் தொடரைக் கூட்டித்தானே அந்த வாய்பாடு வந்தது.

நிர்மலா, புதுச்சேரி

தொடர்மதிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆண்டை ஒட்டியே எழுதப் பழக்குங்கள்: "3ஆம் ஆண்டு முடிவின் தொடர்மதிப்பு ₹61.06". தேதி இல்லாமல் அந்தத் தொகையை எழுதுவதற்கு மதிப்பெண் குறைத்தால் பாதி வியாதி போய்விடும்.

நான் ஃபண்டு கம்பெனியில் இருந்தபோது இதைவிடப் பெரிய தகராறு ஒன்று வரும். விடையில் ₹50.36-க்கு ₹43.46 தொடர்மதிப்பிலிருந்து வருகிறது, கிட்டத்தட்ட 86%. அந்த 86% நம் கணக்கில் எதன்மேல் நிற்கிறது? பங்குக்கு லாபம் ₹10 என்று வையுங்கள். ₹2 கொடுத்துவிட்டு ₹8-ஐ உள்ளே வைத்துக்கொள்கிறார்கள். அந்த ₹8 தொழிலில் 25% ஈட்டினால்தான் லாபம் 20% வளரும். சரி. நிலைக்கட்டத்திலும் அதே 80%-ஐ உள்ளே வைத்துக்கொண்டு வளர்ச்சி மட்டும் 6% என்றால், புதிதாகப் போடும் பணம் 7.5% தான் ஈட்டுகிறது. பங்குதாரர் 12% கேட்கும்போது 7.5%-க்கு எதற்குப் பணத்தைப் பிடித்து வைக்க வேண்டும்? நிலைக்கட்டத்துக்கு வந்த கம்பெனி கையைத் தாராளமாகத் திறக்க வேண்டும்.

பழைய முதலீட்டின் லாபம் குறையாது, புதிய பணம் 12% ஈட்டும் என்று வைப்போம். 6% வளர்ச்சிக்குப் பாதி லாபத்தை உள்ளே வைத்தால் போதும். நான்காம் ஆண்டு லாபம் ₹18.32, அதில் பாதி ₹9.16 பங்காதாயம். தொடர்மதிப்பு ₹152.64. இன்றைய விலை ₹115.55. அதே வளர்ச்சி, அதே எதிர்பார்ப்பு, விலை மட்டும் இரண்டு மடங்குக்கு மேல். கேள்வியில் "அதன்பின் பங்காதாயம் 6% வளரும்" என்று எழுதினால் ₹50.36 தான் விடை, மறுப்பில்லை. ஆனால் "அதன்பின் வளர்ச்சி 6%" என்று பொதுவாக எழுதிவிட்டால் எது வளர்கிறது என்பது தொங்கலில் நிற்கும்.

அருள், நெல்லிக்குப்பம்

பி.காம். பிள்ளைக்கு இவ்வளவும் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். தேர்வில் லாபத்தையே கொடுப்பதில்லை, பங்காதாயம் மட்டும்தான் தருகிறார்கள். கொடுத்ததை வைத்துப் போட வேண்டியதுதான்.

தமிழ்ச்செல்வி, லாஸ்பேட்டை

தேர்வுக் கணக்கை ₹50.36-உடன் நிறுத்திக்கொள்கிறேன். நிர்மலா அம்மா சொன்னதைப் பின்னாலே தனிக் கணக்காகப் போடலாமா என்று பார்க்கிறேன். லாபத்தில் எத்தனை பங்கு கொடுக்கிறார்கள் என்பதற்கு "வழங்கு விகிதம்" என்று எழுதலாமா? "பகிர்வு விகிதம்" என்றால் கூட்டாண்மைக் கணக்கின் லாபப் பகிர்வு விகிதத்தோடு கலந்துவிடும், அதனால் கேட்கிறேன். தொடர்மதிப்பை முதல் தடவை மட்டும் "தொடர்மதிப்பு எனும் டெர்மினல் வேல்யூ" என்று எழுதி, பிறகு தனியாக விடுகிறேன்.

விக்னேஷ், பண்ருட்டி

மேடம், கேள்வித்தாளில் "இறுதி மதிப்பு" என்று அச்சாகி வந்தால் நாங்கள் விடையில் எதை எழுதணும்?

ஞானசேகரன், கடலூர் ஓ.டி.

நிர்மலா அம்மா, எண்ணையெல்லாம் மறைத்துவிட்டேன். என் கம்பெனி போன வருஷம் டிவிடெண்டே தரவில்லை. ₹2-க்குப் பதில் பூஜ்யம் போட்டால் எல்லாமே பூஜ்யமாக வருகிறது. பங்கு மார்க்கெட்டில் நன்றாகத்தான் விலை போகிறது. இதற்கு எந்த ஆண்டிலிருந்து ஆரம்பிப்பது?