மணிக்கு ஒரு ஸ்பீட் டெஸ்ட் ஓட விட்டேன். 144 வரிசை வரணும், 121தான் இருக்கு

வில்லிவாக்கத்தான்
வீட்டில் 100 எம்பிபிஎஸ் திட்டம். ராத்திரி எட்டரை ஆனால் மகளின் ஆன்லைன் வகுப்பில் டீச்சர் முகம் அப்படியே உறைந்து நிற்கும். புகார் கொடுத்தால் ஆள் காலை 11 மணிக்கு வருகிறார், போனில் ஒரு தடவை பார்க்கிறார், "நல்லாத்தானே சார் வருது" என்று போய்விடுகிறார். மூணு தடவை ஆச்சு. சரி, ஆதாரம் சேர்ப்போம் என்று பழைய ராஸ்பெர்ரி பை 3-ஐ ரூட்டரில் கேபிள் வழியாக மாட்டி, கிரானில் இதைப் போட்டேன்:

```
0 * * * * speedtest -f csv >> /home/pi/net.csv
```

ஆறு நாள் ஓடிவிட்டது. 23 வரிசை குறைகிறது. நேற்று 9.20-க்கு ஃபைலைப் பார்த்தேன், கடைசியாக எழுதியது 8 மணிக்கு. இன்னொன்று, விடியற்காலையில்கூட download 11742310 தாண்டவில்லை. அப்படியென்றால் 11 எம்பிபிஎஸ்தான் வருகிறதா? நாள் முழுக்க ஏமாற்றுகிறார்களா?

பை_பைத்தியம்
ப்ரோ, பை 3-ன் கேபிள் போர்ட்டே 100-தான், உண்மையில் 94-க்கு மேல் போகாது. அதை வைத்து அளந்தால் எதுவும் நிற்காது. பை 4 வாங்கிவிடுங்கள்.

வேளச்சேரி அக்கா
எங்கள் வீட்டிலும் இதே கதைதான். ரூட்டர் பீரோவுக்குப் பின்னால் இருந்தது, ஹாலுக்கு மாற்றினேன், சரியாகிவிட்டது. நீங்களும் மாற்றிப் பாருங்கள்.

வில்லிவாக்கத்தான்
அக்கா, பை கேபிளில் இருக்கிறது, வைஃபையே இல்லை.

கிரான்_தாத்தா
தம்பி, முதலில் அந்த 11-ஐத் தீர்ப்போம். csv-யில் வரும் எண் விநாடிக்கு எத்தனை பைட் என்பது, பிட் இல்லை. 8-ஆல் பெருக்குங்கள்: 11742310 × 8 = 9,39,38,480. அதாவது 93.9 எம்பிபிஎஸ். விடியற்காலையில் உங்களுக்கு முழு வேகம் வருகிறது. பை_பைத்தியம் சொன்ன உச்சவரம்பும் அதுதான், அதனால் போர்ட் விஷயம் சரி. ஆனால் உங்கள் சண்டை 94-க்கும் 100-க்கும் நடுவில் இல்லையே. 200 எம்பிபிஎஸ் திட்டமாக இருந்தால் நானும் பை 4 என்றுதான் சொல்வேன்.

பெரிய ஓட்டை அடுத்தது. டெஸ்ட் தோற்றால் அந்த நிரல் csv-யில் ஒன்றும் எழுதாது. நெட் செத்துப்போன மணி நேரம்தான் உங்களுக்கு வேண்டிய சாட்சி, அதுதான் காணாமல் போகிறது. மிச்ச வரிசைகளின் சராசரி எடுத்தால் கம்பெனி பக்கம்தான் சாயும். போதாக்குறைக்கு, அந்த csv-யில் நேரமும் கிடையாது. இப்படி மாற்றுங்கள்:

```
#!/bin/bash
t=$(date '+%F %T')
r=$(timeout 120 speedtest --accept-license \
  --accept-gdpr -s 12345 -f csv) || r=FAIL
echo "$t,$r" >> /home/pi/net.csv
```

12345 இருக்கும் இடத்தில் `speedtest -L` காட்டும் சர்வர்களில் ஒன்றின் எண்ணைப் போடுங்கள். சர்வரைக் கட்டிவைக்காவிட்டால் ஒரு மணிக்கு ஒன்று, அடுத்த மணிக்கு இன்னொன்று என்று மாறும், ஒப்பிட முடியாது. கிரானில் 0 நிமிடம் வேண்டாம், 7 என்று வையுங்கள். முழு மணிக்கு ஊரில் எல்லாரும் ஓட்டுவார்கள்.

பை_பைத்தியம்
சர்வர் கம்பெனியின் சொந்தமாக இருக்கட்டும். அப்போது அவர்கள் மறுக்க முடியாது.

கிரான்_தாத்தா
பாதி உண்மை. அது வீட்டிலிருந்து கம்பெனி வரைக்குமான வழியை மட்டும் அளக்கும். நெரிசல் கம்பெனியைத் தாண்டி வெளியே போகும் இடத்தில் இருந்தால், அங்கே 90 காட்டும், வகுப்பு உறைந்தபடியே இருக்கும். முடிந்தால் இரண்டையும் 20 நிமிட இடைவெளியில் ஓட்டுங்கள். ஆனால் டேட்டா கணக்கையும் பாருங்கள்: தடவைக்கு 250 எம்பி என்று வைத்தால் மாதம் 720 தடவைக்கு 180 ஜிபி, இரண்டு சர்வர் என்றால் 360.

வேளச்சேரி அக்கா
கரண்ட் போனாலும் FAIL என்றுதானே வரும்? அது அவர்கள் தப்பு இல்லையே.

கிரான்_தாத்தா
நல்ல கேள்வி. கரண்ட் போனால் பையும் அணைந்துவிடும், வரிசையே வராது. FAIL வந்தால் பை உயிரோடு இருந்திருக்கிறது. ரூட்டர் மட்டும் தொங்கியிருக்கலாம், அதைப் பிரிக்க FAIL-க்குப் பிறகு ரூட்டர் முகவரிக்கு ஒரு `ping` அடித்து அந்த விடையையும் எழுதிவிடுங்கள்.

வில்லிவாக்கத்தான்
12 நாள் ஓடியது. 288-ல் 284 வரிசை, நாலு மணி நேரம் கரண்ட் இல்லை. FAIL 31, அதில் 26 இரவு 8-லிருந்து 11-க்குள். ரூட்டர் ஒவ்வொரு தடவையும் பதில் சொல்லியிருக்கிறது. டெஸ்ட் முடிந்த இரவுகளில் 18, 20 எம்பிபிஎஸ். பிரிண்ட் எடுத்துக் காட்டினேன். வந்த ஆள் பையை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தச் சின்ன டப்பாவை எல்லாம் ஏத்துக்க மாட்டாங்க சார்" என்றார்.

கிரான்_தாத்தா
அப்போது இரவு 9.07-க்கு பை கேபிளைக் கழற்றி, லேப்டாப்பில் அதே சர்வருக்கு ஓட்டிப் படம் எடுங்கள். மூணு இரவு போதும். அதையும் மறுத்தால் புகார் எண்ணோடு மேல்முறையீட்டுக்குப் போங்கள். அங்கே பையை மதிப்பார்களா என்று எனக்கும் உறுதியாகச் சொல்ல முடியாது.

வில்லிவாக்கத்தான்
இன்றைக்கே ஆரம்பிக்கிறேன். லேப்டாப்பில் கேபிள் போர்ட் இல்லை, அடாப்டர் வாங்கப் போகிறேன்.