யோசனை சொன்னேன், பேச்சு நின்றுவிட்டது

திருச்சி வாசகர்: என் மனைவி வங்கியில் 15 ஆண்டுகளாகக் காசாளர். சென்ற மாதம் ஒரு மாலை, கணக்கு முடிக்கையில் 2,000 ரூபாய் குறைந்தது. கைப்பணத்தைப் போட்டு ஈடுகட்டிவிட்டு, இரவு எட்டு மணிக்கு வீடு வந்தார். அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் நான், "இருமுறை எண்ணிக் கொடுத்திருக்கலாமே, வேறு இருக்கை கேட்டுப்பாரேன்" என்றேன். "சரி" என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டார். சக ஊழியர்கள் பார்த்துக்கொண்டிருக்க அவருடைய கைப்பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள் என்பது இரண்டு நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அதைச் சொல்ல வந்தவருக்கு நான் நோட்டு எண்ணக் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

ஓய்வுபெற்ற காசாளர், விருதுநகர்: எனக்கும் இது நேர்ந்திருக்கிறது. எந்த நோட்டில் எத்தனை கொடுத்தோம் என்பதைக் காசோலையின் பின்புறம் எழுதிவைத்தால், யாருக்குக் கூடுதலாகப் போனது என்று அன்றைக்கே கண்டுபிடிக்கலாம். அவரிடம் சொல்லுங்கள்.

தம்பதியர் ஆலோசகர், கோவை: ஐயா, அதைத்தான் அவர் சொல்லக் கூடாது! அத்தனை ஆண்டு அனுபவமுள்ளவருக்கு இருமுறை எண்ணத் தோன்றாமலா இருந்திருக்கும்? உடனடி யோசனைக்குள் "இதுகூட உனக்குத் தெரியவில்லையா" என்ற கேள்வி ஒளிந்திருக்கிறது. அத்துடன், பணம்தான் பிரச்சினை என்று நாமே முடிவுகட்டிவிடுவதால், கைப்பையைப் பற்றிப் பேச இடமே இல்லாமல் போகிறது. நியூயார்க்கில் வழக்கறிஞர் தேர்வுக்குப் படித்தவர்களையும் அவர்களுடைய துணைவர்களையும் நாள்தோறும் குறிப்பெழுத வைத்து, உளவியலாளர் நயல் போல்ஜர் குழுவினர் 2000இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். துணைவர் செய்த உதவி, பெற்றவரின் கண்ணில் படாதபோதுதான் அதிகம் பலனளித்தது என்பது அதன் முடிவு. பதில்கள் "சரி", "ம்" என்று சுருங்கினாலோ, சொல்லும் ஒவ்வொரு வழிக்கும் "அதெல்லாம் நடக்காது" என்று வந்தாலோ, நாம் முந்திவிட்டோம் என்று கொள்ளலாம். "இதில் எது உன்னை அதிகமாக உறுத்துகிறது?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

சேலம் வாசகர்: சுருக்கமாகச் சொன்னால், பெண்களுக்குக் காது போதும்; ஆண்களுக்குத்தான் தீர்வு வேண்டும்.

நாகர்கோவில் வாசகி: பாதிதான் சரி. என் கணவர் பேருந்து ஓட்டுநர். பணிமனையில் நடந்த ஒரு தகராற்றைச் சொன்னபோது, "வேலையை விட்டுவிடுங்கள்" என்றேன். ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் அவருக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்து, மூன்று நாளில் பதில் தர வேண்டியிருந்தபோது, பழைய பாடத்தை நினைத்து நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். "உட்கார்ந்து எழுதித் தர மாட்டாயா?" என்று கோபித்துக்கொண்டார். எப்போது எது என்பதை நான் இன்றும் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறேன்.

திருச்சி வாசகர்: நேற்றிரவு ஆலோசகர் சொன்னபடி கேட்டேன். கைப்பையைப் பற்றி மட்டும் அரை மணி நேரம் பேசினார். தொழிற்சங்கத்தில் புகார் கொடுக்கலாம் என்பது இருமுறை நாக்கு நுனிவரை வந்தது, சொல்லவில்லை. புகார் கொடுப்பாரா என்பதை அவரும் இன்னும் சொல்லவில்லை.