ஆடி ஆஃபர் ரீல்ஸ்: நம்ம ஃபேமிலி குரூப்ல நடந்த பேச்சு

செந்தில்: எல்லாருக்கும் வணக்கம், நம்ம புடவைக் கடை ஆடி ஆஃபருக்கு திண்டுக்கல்ல ரீல்ஸ் போடுற பொண்ணு ஒன்னுகிட்ட பேசிருக்கேன், 4000 ரூபாயும் ஒரு சுங்குடிப் புடவையும் கேக்குது. என்ன பேசணும்னு எழுதி அனுப்புங்கன்னு சொல்லுது. நான் எழுதுனது இதான், சரியா பாருங்க: "ஆடி அதிரடி! மதுரை கைமுடிச்சு சுங்குடி 50% தள்ளுபடி, உடனே வாங்க!" தேன்மொழி அக்கா நீங்க பாத்து சொல்லுங்க

ராஜாமணி பெரியம்மா: டிவில வருதாப்பா? எத்தன மணிக்கு?

நித்யா: இல்ல பெரியம்மா இன்ஸ்டால. உங்க போன்ல நான் காட்டுறேன்

முருகேசன் சித்தப்பா: நல்லாருக்குடா. அந்தப் பொண்ண கொலாப் போடச் சொல்லு, நம்ம கடைப் பேரும் அவ பேரும் மேல சேந்து வரும், அதுலயே விளம்பரம்னு தெரிஞ்சுரும். தனியா எழுதுறதெல்லாம் லட்சக்கணக்குல ஃபாலோயர் இருக்குறவங்களுக்குத்தான்

தேன்மொழி அக்கா: இப்பத்தான் ஆபீஸ் முடிஞ்சுச்சு. செந்தில், அந்த 50% எதுக்கு? எல்லாப் புடவைக்குமா?

செந்தில்: இல்லக்கா, ரெண்டு எடுத்தா மூணாவது பாதி விலை. புடவை 850

தேன்மொழி அக்கா: அப்ப மூணும் 2550, கழிவு 425 தான், ஆறுல ஒரு பங்கு. 50%னு பாத்துட்டு ஒரே ஒரு புடவை எடுக்கலாம்னு பழனிலேர்ந்து பஸ் ஏறி வர்ற அம்மாவுக்கு ஒரு ரூபாகூட குறையாது. கவுண்டர்ல நின்னு சண்டை போட்டா அவங்க பக்கம்தான் நியாயம். "ரெண்டு எடுத்தா மூணாவது பாதி விலை"ன்னே சொல்லச் சொல்லு, அதுவே நல்ல ஆஃபர்தான்

தேன்மொழி அக்கா: அப்புறம் கைமுடிச்சுங்குறது நெஜமா? 850க்கு எப்படிடா?

செந்தில்: பிரிண்ட்டுக்கா. கைமுடிச்சு வேற ரேட்டு, இந்த ஆஃபர்ல இல்ல

தேன்மொழி அக்கா: அப்ப அந்த வார்த்தையே வரக்கூடாது. நூல்ல முடிச்சுப் போட்டு சாயம் ஏத்துனா புள்ளி ஒன்னு போல ஒன்னு இருக்காது, ஓரம் கொஞ்சம் கலங்கியிருக்கும், துணியும் முடிச்ச எடத்துல லேசா சுருங்கி நிக்கும். பிரிண்ட்ல எல்லாப் புள்ளியும் அச்சு மாதிரி ஒரே அளவு. தெரிஞ்சவங்க கேமரால பாத்தே சொல்லிருவாங்க, கமெண்ட்ல கிழிச்சா அந்தப் பொண்ணு பேரும் சேந்து கெடும். "பிரிண்டட் சுங்குடி, காட்டன்"னு சொல்றதுல ஒரு குறையும் இல்ல

சாந்தி மதினி: இத நான் அனுபவிச்சிருக்கேன். போன தீபாவளிக்கு ஒரு வீடியோ பாத்துட்டு ஒரு கடைக்குப் போனேன், காட்டுன புடவைய கேட்டா காலைலயே முடிஞ்சுருச்சு மேடம்னாங்க, பத்து புடவைதான் இருந்துச்சாம். அந்த வீடியோ போட்ட பொண்ண நெஜமாவே வாங்கி கட்டுனவன்னு நெனச்சு போனேன், காசு வாங்கிட்டு பேசுனதுன்னு அப்புறந்தான் தெரிஞ்சுச்சு, பஸ் காசும் போச்சு ஒரு நாளும் போச்சு

தேன்மொழி அக்கா: அதான் மதினி. செந்தில் உன்கிட்ட எத்தன இருக்கு?

செந்தில்: 240

தேன்மொழி அக்கா: அப்ப "240 புடவை"ன்னு நம்பரையே சொல்லச் சொல்லு. "ஸ்டாக் உள்ளவரை"ன்னா பத்தா ஆயிரமான்னு யாருக்கும் தெரியாது. தீந்துருச்சுன்னா அன்னைக்கே அவ கேப்ஷன்லயும் மாத்தணும்னு இப்பவே பேசிக்கோ

தேன்மொழி அக்கா: சித்தப்பா, கொலாப்னா ரெண்டு பேரும் சேந்து போட்ட பதிவுன்னுதான் தெரியும், காசு கைமாறுனது தெரியாது. ஃபாலோயர் கணக்கும் ரூல்ல இல்ல. விளம்பரம் பண்றவங்களுக்கு 2022ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விதி போட்டுச்சு, 2023 ஜனவரில நுகர்வோர் துறை இன்ஃப்ளூயன்சர்களுக்குன்னே தனியா விளக்கம் குடுத்துச்சு. காசு மட்டும் இல்ல, ஓசில குடுத்த பொருள், சொந்தக்காரங்கங்குறது, எல்லாத்தையும் சொல்லணும். ஏமாத்துற விளம்பரம்னு முடிவானா முதல் தடவையே 10 லட்சம் வரைக்கும் அபராதம் போடலாம், கடைக்காரனுக்கும் போடலாம் பேசுனவங்களுக்கும் போடலாம்

முருகேசன் சித்தப்பா: ஓ சொந்தக்காரங்களுமா. இது தெரியாதும்மா. ஆனா கடைசில ஹேஷ்டேக்ல போட்டா போதும்தானே? எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க

தேன்மொழி அக்கா: பத்து ஹேஷ்டேக்குக்கு நடுவுல இருந்தா யாரு பாக்குறா சித்தப்பா. கேப்ஷன்ல முதல் வரிக்கப்புறம் மடங்கிரும், அதனால முதல் வார்த்தையே விளம்பரம்னு இருக்கணும். வீடியோவா இருந்தா எழுத்துலயும் வரணும், வாய்லயும் சொல்லணும். அவ தமிழ்ல பேசுறா, அதனால லேபிளும் தமிழ்ல. எழுத்து கீழ வேண்டாம், ரீல்ஸ்ல கீழ கேப்ஷனும் வலது ஓரத்துல லைக் பட்டனும் மறைச்சுரும். மேல வைக்கணும்

நித்யா: எவ்ளோ நேரம் அத்தை? ரெண்டு செகண்ட் வந்துட்டு போனா ஓகேவா?

தேன்மொழி அக்கா: விளம்பரத் துறையோட அமைப்பு அஸ்கி 2021ல போட்ட கணக்குப்படி 15 செகண்ட்லேர்ந்து 2 நிமிஷம் வரை உள்ள வீடியோல மூணுல ஒரு பங்கு நேரம் இருக்கணும். 45 செகண்ட்னா 15 செகண்ட். ஆனா நான் எப்பவும் முழு வீடியோவுக்கும் விடச் சொல்லிருவேன், யாரும் நடுவுலேர்ந்து பாத்தாலும் தெரியும்ல. ஸ்டோரி போட்டா ஒவ்வொரு ஸ்லைடுலயும் வேணும்

தேன்மொழி அக்கா: செந்தில், இத அப்படியே காப்பி பண்ணி அவளுக்கு அனுப்பு 👇

"ஜூலை 17லேர்ந்து ஆகஸ்ட் 3 வரை, ஆடி 18 முடிய. பிரிண்டட் காட்டன் சுங்குடி, ஒன்னு 850 ரூபா, ரெண்டு எடுத்தா மூணாவது 425. மொத்தம் 240 புடவை. மத்த புடவைக்கு ஆஃபர் இல்ல, இதையும் வாயால சொல்லணும். கைமுடிச்சு, 50% தள்ளுபடி, ஊர்லயே கம்மி விலை, இந்த மூணும் வேண்டாம். புடவைய ஒரு தடவை கட்டி துவைச்சுப் பாத்துட்டு சாயம் போச்சா இல்லையான்னு உங்களுக்குத் தோணுனத சொல்லுங்க, பிடிக்கலேன்னா பிடிச்சதா சொல்ல வேண்டாம்.

வீடியோ மேல முழு நேரமும்: கட்டண விளம்பரம்

முதல் வாக்கியமா பேசவேண்டியது: இது விளம்பரங்க, இந்தக் கடைக்காரங்க எனக்கு காசும் ஒரு புடவையும் குடுத்துருக்காங்க.

கேப்ஷன் முதல் வரி: விளம்பரம். கடையிலிருந்து பணமும் ஒரு புடவையும் பெற்றுக்கொண்டு போடும் பதிவு.

இன்ஸ்டாவோட பெய்ட் பார்ட்னர்ஷிப் லேபிளும் ஆன் பண்ணுங்க. காசு வாங்கினீங்களான்னு கமெண்ட்ல கேட்டா ஆமான்னு சொல்லுங்க, டெலீட் பண்ணாதீங்க. போடுறதுக்கு ஒரு நாள் முன்னாடி வீடியோவ அனுப்புங்க, விலையும் தேதியும் சரியான்னு மட்டும் பாப்போம்."

சாந்தி மதினி: இப்படி இருந்தா நானே நம்பி வருவேன்

செந்தில்: அக்கா அனுப்பிட்டேன். முதல் வாக்கியமே விளம்பரம்னா ஆளுங்க தள்ளிவிட்டுருவாங்க, ரீச் அடிவாங்கும், கடைசில சொல்றேங்குது

தேன்மொழி அக்கா: கடைசி வரைக்கும் பாக்குறவங்க எத்தன பேரு? ரீச் கொஞ்சம் குறையலாம், அவ சொல்றத நான் இல்லேன்னு சொல்லல. புடவைய காட்டிக்கிட்டே அந்த வாக்கியத்த பேசச் சொல்லு, மூஞ்சிய மட்டும் காட்டி அறிவிப்பு மாதிரி படிக்க வேண்டாம். அதுக்கும் ஒத்துக்கலேன்னா வேற ஆள் பாரு

நித்யா: அத்தை நானும் என் பேஜ்ல போடலாமா, 3000 பேர் இருக்காங்க. எனக்கு காசெல்லாம் வேண்டாம்

தேன்மொழி அக்கா: போடு. "எங்க மாமா கடை"ன்னு முதல்லயே சொல்லிரு, அது போதும்

முருகேசன் சித்தப்பா: நம்ம வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல வச்சா?

தேன்மொழி அக்கா: நம்ம நம்பர் வச்சிருக்குறவங்க எல்லாருக்கும் அது நம்ம கடைன்னு தெரியும் சித்தப்பா. ஆனாலும் ரூல்ல அதுக்கு என்னன்னு எனக்கு உறுதியா சொல்லத் தெரியல, விசாரிச்சுட்டு சொல்றேன்

செந்தில்: அக்கா அந்தப் பொண்ணு சரின்னுருச்சு, புடவைய விரிச்சுக்கிட்டே சொல்றேன்னுது. நாளைக்கு புடவைய குடுத்து விடுறேன். ஆனா இன்னொரு பிரச்சனை, வாசல்ல ஃப்ளெக்ஸ் கட்டியாச்சு, அதுல 50%னு பெருசா இருக்கு

தேன்மொழி அக்கா: மூணாவது புடவைன்னு அதுல எங்கயாச்சும் இருக்கா? போட்டோ அனுப்பு

செந்தில்: கீழ மூலைல பொடி எழுத்துல இருக்கு

தேன்மொழி அக்கா: 50%க்கு மேலயே "மூணாவது புடவைக்கு மட்டும்"னு அதே சைஸ்ல ஸ்டிக்கர் அடிச்சு ஒட்டு, வீடியோ எடுக்க அவ வர்றதுக்குள்ள

செந்தில்: காலைல கடை தொறக்குறதுக்கு முன்னாடி ஒட்டிருறேன்க்கா