ஸ்லோ குக்கர் ஸ்ட்யூ: 7 மணி நேரம் ஆகியும் உருளைக்கிழங்கு வேகவில்லை

கவிதா: லெஸ்டரில் இருக்கிறோம். 3.5 லிட்டர் ஸ்லோ குக்கர். ஆட்டுக்கறி, உருளைக்கிழங்கு, கேரட், தக்காளி, ஃப்ரிட்ஜில் இருந்த ஸ்டாக் எல்லாம் விளிம்பு வரை போட்டு லோவில் 7 மணி நேரம் வைத்தேன். கறி கடிக்கிற பதம்தான், கிழங்கு நறுக் நறுக்கென்று இருக்கிறது. வீட்டிலிருந்தே வேலை என்பதால் நடுவில் நாலைந்து தடவை திறந்து கிளறியும் விட்டேன். குக்கர் கோளாறா?

முரளி: லோவில் சூடே ஏறாதுங்க. எப்பவும் ஹையில வையுங்க, 4 மணி நேரத்துல முடிஞ்சிடும்.

சிவா: முரளி சொல்வது பாதி சரி. லோ, ஹை இரண்டுமே கடைசியில் கொதிநிலையை ஒட்டிய சூட்டுக்குத்தான் போகும். ஹை சீக்கிரம் போய்ச் சேரும், லோவுக்கு அதைப்போல இரு மடங்கு நேரம் ஆகும், அவ்வளவுதான்.

கவிதா, உங்கள் 7 மணி நேரத்தில் பாதி, ஜில்லென்ற ஸ்டாக்கும் நிரம்பிய பாத்திரமும் சூடாவதிலேயே போயிருக்கும். மூடியை ஒருமுறை திறந்தால் உள்ளே தேங்கிய ஆவி போய், பழைய சூடு திரும்ப 20, 30 நிமிடம் பிடிக்கும். நாலைந்து தடவை என்றால் கிட்டத்தட்ட 2 மணி நேரம் காலி. இதில் கிளறவே தேவையில்லை, அடிப்பிடிக்காது.

அடுத்த தடவை பாதிக்கு மேல், மூன்றில் இரண்டு பங்குக்குள் நிரப்புங்கள். கறியைவிடக் கிழங்குதான் மெதுவாக வேகும். அதனால் ஒரு அங்குலத் துண்டாக்கி அடியிலும் ஓரத்திலும் போட்டு, கறியை மேலே வையுங்கள். தக்காளிப் புளிப்பு கிழங்கை இறுக்கிவிடும், அதைக் கடைசி ஒரு மணி நேரத்தில் சேருங்கள். ஸ்டாக்கைச் சுடவைத்து ஊற்றி, முதல் ஒரு மணி நேரம் ஹை, பிறகு லோ.

ரூபன்: எங்கட வீட்டிலயும் இதே கதைதான். ராஜ்மாவை ஊறப்போட்டு அப்படியே லோவில விட்டா, பின்னேரம் வரைக்கும் அவியேல்ல. ருசி பார்த்த மனுசிக்கு வயித்தால போச்சு.

சிவா: ரூபன், அது வேற விஷயம், ஆபத்தானதும்கூட. ராஜ்மாவில் இருக்கும் நச்சு லோ சூட்டில் போகாது. ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, அடுப்பில் புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதித்த பிறகுதான் குக்கருக்குள் போகணும். டின் ராஜ்மா என்றால் பயமில்லை.

முரளி: அப்ப குக்கர் நல்லா இருக்கான்னு எப்படிப் பார்க்கறது?

சிவா: பாதிக்கு மேல் தண்ணீர் ஊற்றி, லோவில் 8 மணி நேரம் திறக்காமல் விடுங்கள். மூடியை எடுத்த கையோடு தெர்மாமீட்டரை வையுங்கள், தாமதித்தால் இறங்கிவிடும். 85 டிகிரிக்கு மேல் காட்டினால் குக்கர் நலம்.

கவிதா: வைத்துப் பார்த்தேன், 81தான். மூடியும் ஒரு பக்கம் லேசாக ஆடுகிறது, ஆவி அங்கேயே கசிகிறது. மூடிதான் காரணமா, உள்ளே கம்பி போய்விட்டதா?

சிவா: இங்கிருந்து சொல்ல முடியாது. பாத்திரத்தின் வாயில் ஃபாயிலை இறுக்கமாகச் சுற்றி, மேலே மூடியை வைத்து இன்னொரு தடவை தண்ணீரோடு சோதியுங்கள். ஏறினால் மூடி மட்டும் வாங்குங்கள். அப்பவும் 81 என்றால் அதில் கறி வைக்காதீர்கள்.